படத்தில் காணும் சேலையும் கைக்கு வரும் சேலையும்

ஜவுளிக் கடையில் சேலை எடுக்க வருபவர் விளக்கடியில் பார்த்ததோடு திருப்தியடைவதில்லை. சேலையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குச் சென்று, பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்து, முந்தானையை விரலிடையே வைத்து நெருடி, ஒரு மடிப்பைத் தூக்கி ஒளிக்கு நேராகப் பிடித்துப் பார்த்த பின்னரே விலையைக் கேட்பார். இணையதளத்தின் மூலமாக வாங்குபவருக்கு இம்மூன்றும் இல்லை. அவர் கண்ணும் கையும் நாம் எடுத்து வெளியிடும் படமேயாகும். அப்படம் பொய் சொல்லுமாயின் சேலை திரும்பி வருகிறது. போகவர அஞ்சற் கட்டணம் சங்கத்தின் தலையில் விழுகிறது; பிரித்து மடித்த சரக்கு புதுக்கருக்கை இழக்கிறது. நெசவில் யாதொரு குறையும் இல்லாதிருந்தும் பழி நெய்தவருக்கே சேர்கிறது. ஆகவே, மடித்து வைத்த சேலை ஒன்றையும் தொங்கவிட்ட சட்டை ஒன்றையும் உதாரணமாகக் கொண்டு, படத்தை உள்ளது உள்ளபடி எடுக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வெளிச்சம்

முதலில் அறையிலுள்ள விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சமும் விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் கலந்தால், ஒரே சேலையின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் மறுபக்கம் மஞ்சள் பாய்ந்தும் விழும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் ஒன்று சரியானால் மற்றொன்று கெடும். வடக்குப் பார்த்த ஜன்னலே சிறந்தது என்பது பொதுவிதி. ஆனால் நமது நாட்டில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால் வடக்கு ஜன்னலிலும் நேர்வெயில் புகும். அக்காலத்தில் ஜன்னலின் குறுக்கே மெல்லிய வெள்ளை மல் துணியை ஒற்றையாகக் கட்டிவிட்டால் வெயில் உடைந்து மென்மையாகப் பரவும்.

காமிராவுடன் இணைந்த பளிச்சிடும் விளக்கை அறவே பயன்படுத்தலாகாது. அது துணிக்கு நேர் எதிரிலிருந்து அடிப்பதால் நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள நிழலை அழித்துவிடும். நிழல் போனால் நெசவும் போயிற்று. கைத்தறித் துணி காகிதத்தில் அச்சடித்ததுபோலத் தோன்றும். சரிகையோ வெண்மையாக வெந்துபோகும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, துணியின்மீது சாய்ந்து தழுவிச் செல்லுமாறு அமைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் அப்பக்கத்து இருள் சற்றுத் தெளியும். அட்டையை மிக அருகில் கொண்டு சென்றால் நிழல் முற்றும் நீங்கி, மீண்டும் நெசவு மறையும். புட்டாவின் ஓரம் கண்ணுக்குப் புடைப்பாகத் தெரியும் தூரமே சரியான தூரம்.

நிறம்

கைப்பேசியும் காமிராவும் தாமாகவே நிறத்தைச் சமன்செய்ய முயல்கின்றன. அரக்கு நிறச் சேலை படம் முழுவதையும் நிரப்பினால், அக்கருவி வெளிச்சமே சிவப்பாயிருப்பதாக எண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடும். அரக்கு மங்கிக் காவியாகும். அதே சேலையை வெள்ளைச் சுவரின்முன் வைத்து எடுத்தால் வேறொரு நிறம் வரும். இதைத் தடுக்க, நிறச் சமன்பாட்டைத் தானியங்கு நிலையிலிருந்து எடுத்து, சூரியன் அடையாளமிட்ட பகல் வெளிச்ச நிலையில் நிறுத்திவிட வேண்டும். அதன் பின்னர், படக்கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையைச் சேலையின்மீது வைத்து முதற்படம் எடுக்க வேண்டும். கணினியில் திருத்தும்போது அந்த அட்டையைச் சுட்டி அதைச் சாம்பலாக்கினால், சேலையின் நிறமும் தன் நிலைக்கு வரும். அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அதே திருத்தமே பொருந்தும்.

சாம்பல் அட்டைக்குப் பதிலாக வெளுத்த வேட்டியையோ வெள்ளைக் காகிதத்தையோ வைப்போர் உண்டு. இது தவறான வழி. அவற்றில் சேர்க்கப்படும் வெண்மையூட்டும் மருந்து பகல் வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வது. அந்த நீலத்தை நடுநிலை என்று கொண்டால் திருத்திய படம் மஞ்சள் பூத்துவிடும்.

குங்குமச் சிவப்புக்கு மற்றொரு இடர் உண்டு. படம் மொத்தத்தில் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றினும், சிவப்பு மட்டும் காமிராவின் கொள்ளளவை மீறி நிரம்பிவிடும். அப்பொழுது நூலும் மடிப்பும் மறைந்து, சாயம் பூசிய பலகைபோல் ஒரே தட்டையாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நூல் தெரியவில்லையெனில், வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து மறுபடியும் எடுக்க வேண்டும்.

மடித்த சேலை

ஐந்தரை மீட்டர்ச் சேலையை அகலத்தில் ஒருமுறையும் நீளத்தில் நான்குமுறையும் மடித்தால் 32 அடுக்குகள் ஆகின்றன. அடுக்கினுள் புகுந்த வெளிச்சம் மறுபுறம் வெளியேறாமல் மீண்டும் மீண்டும் நூலிலேயே பட்டுத் திரும்புவதால், மடித்த சேலை நிறம் அடர்ந்தும் கனத்தும் காணப்படுகிறது. வாங்குபவர் உடுத்துவதோ பெரும்பாலும் ஓரிரு அடுக்குகளே. மெல்லிய பருத்திச் சேலைகள் “படத்தில் கனமாகத் தெரிந்தது” என்ற குறிப்புடன் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். ஆகவே மடிப்புப் படத்துடன் ஒற்றை அடுக்குப் படமும் இன்றியமையாதது. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டையின்மீது சேலையை ஒற்றையாக விரித்து எடுத்துவிட்டால், கறுப்பும் வெள்ளையும் கூடும் கோடு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவே துணியின் மென்மை என்பதை எவரும் அறிந்துகொள்வர்.

இனி, மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாவு நீலம், ஊடை பச்சை. இதற்கு ஒரே ஒரு படம் போதாது. உருண்ட நூலின்மீது குறுக்காக விழும் வெளிச்சமே மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மினுமினுப்பாகத் திரும்புகிறது. நூலின் வழியே நீளவாக்கில் விழும் வெளிச்சம் அப்பால் வழுக்கிச் சென்றுவிடுகிறது. ஜன்னல் நமது இடப்புறம் இருக்க, மடித்த சேலையைப் பாவு நம்மிடமிருந்து நேரே எதிரே செல்லுமாறு மேசையில் வைத்து, மேலிருந்து எடுத்தால், பாவின்மீது வெளிச்சம் குறுக்காக விழுந்து சேலை நீலம் ஓங்கிக் காணும். சேலையைக் கால் திருப்பம் திருப்பி வைத்தால் அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் பச்சை ஓங்கும். முதற்படத்தை மட்டும் கண்டு வாங்கியவர் வீட்டில் பிரித்ததும் “நீலம் கேட்டேன், பச்சை வந்தது” என்பார்; அவர் சொல்வதும் நியாயமே. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கமாக வெளியிட்டு, மூன்றாவதாக ஒரு மடிப்பை வளைத்து இரு நிறமும் ஒருங்கே தெரியுமாறு ஒன்று சேர்த்து, கீழே “பாவு நீலம், ஊடை பச்சை” என்று எழுதிவிடுவதே நேர்மையான முறை.

தொங்கும் சட்டை

தைத்த உடுப்பில் நிறத்தோடு அளவும் மெய்யாக இருத்தல் வேண்டும். சட்டையை நம் முகத்திற்கு நேரே நின்று கைப்பேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தால் கழுத்துப்பட்டை பெருத்தும் அடிவிளிம்பு குறுகியும் விழும். இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தால் இக்கோளாறு மிகும். ஆறு ஏழு அடி பின்னால் சென்று, சட்டையின் நடு உயரத்தில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, சுவருக்கு இணையாகச் சாயாமல் வைத்து, வேண்டிய அளவு உருப்பெருக்கி எடுக்க வேண்டும்.

ஹேங்கரின் நீளம் சட்டையின் தோள்பட்டை அளவைவிட ஓர் அங்குலம் குறைவாயிருக்கட்டும். நீளமான ஹேங்கர் கைத்தையலைப் புடைத்துத் தள்ளும். குட்டையானது தோளைத் தொய்யவிடும். மேலும், தொங்கும் சட்டை தன் பாரத்தினால் முன்னும் பின்னும் அலைந்து மார்பகலம் குறைந்து காணும். மார்பகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக வெட்டிய மெல்லிய வெள்ளை அட்டையை உள்ளே செருகினால் துணி இழுபடாமல் விரிந்து நிற்கும். முதுகுப்புறம் ஊசி குத்திச் சட்டையை இறுக்கிக் காட்டுவது சில இடங்களில் வழக்கம். அவ்வாறு காட்டிய உடல்வாகு வாங்கியவருக்குக் கிட்டாது.

எடுத்த படம் மெய்யா என்பதை அளவுகோல் கொண்டே சோதிக்கலாம். சட்டையைத் தரையில் விரித்து அளந்ததில் மார்பகலம் 22 அங்குலம், உயரம் 29 அங்குலம் என்று கொள்வோம். கணினித் திரையில் அதன் உயரம் 116 மில்லிமீட்டர் இருக்குமானால், மார்பகலம் 88 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 80தான் இருக்கிறதெனில் சட்டை மடங்கித் தொங்குகிறது, அல்லது பின்னால் இழுக்கப்பட்டிருக்கிறது. மார்பு சரியாயிருந்து அடிவிளிம்பு மட்டும் குறுகினால் காமிரா சாய்ந்திருக்கிறது. நேர்வெட்டுச் சட்டையில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். படத்தின் கீழே “மார்புச் சுற்றளவு 44 அங்குலம், 40 அங்குல உடலுக்குத் தளர்வாக அமையும்” என்று எழுதுவது, வெறும் எண்ணைக் குறிப்பதைவிட வாங்குபவருக்குப் பயன்படும். துணி முன்பே நனைத்துத் தைக்கப்பட்டதா என்பதையும் அவ்விடத்திலேயே குறிப்பிடுவது உசிதம்.

வெளியிடுமுன்

திருத்தி முடித்த படத்தை sRGB என்னும் நிற வகையில் சேமித்து, அதே ஜன்னலருகே சேலையையும் வைத்துக்கொண்டு இரண்டு வேறு கைப்பேசிகளில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் கண்ணுக்கு இதமென்று திரையை மஞ்சளாக்கும் இரவு நிலையும், நிறத்தை மிகைப்படுத்தும் நிலையும் அணைக்கப்பட்டிருத்தல் அவசியம். நெருங்கிய சிறு கட்டம் போட்ட துணியில், நெசவில் இல்லாத வளைகோடுகள் படத்தில் நெளிவதுண்டு. காமிராவைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தி எடுத்தால் அவை மறையும்.

எவ்வளவு முயன்றும் சில நிறங்கள் திரைக்கு அகப்படுவதில்லை. மிக ஒளிர்ந்த மயிற்பச்சை போன்றவை sRGB காட்டக்கூடிய எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றை எட்டிப்பிடிப்பதற்காக நிறச்செறிவைக் கூட்டினால், அருகிலுள்ள கரையும் சரிகையும் பொய்யாகிவிடும். அந்நிலையில் படத்தை அப்படியே விட்டு, “நேரில் இதனினும் ஒளிர்ந்த பச்சை” என்று ஒரு வரி எழுதிவிடலாம். கேட்பவருக்குச் சேலையின் ஓரத்து நூலில் ஒரு சாண் வெட்டி உறையிலிட்டு அனுப்பினால், அவர் அதைத் தம் வீட்டு வாசற்படியில் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வார்.