கீபோர்டுக்குள் ஒளியும் கட்டம்

சில ஆப்களில் டைப் செய்யத் தொட்டதும், எழுதும் கட்டமே கீபோர்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்து உருவாக்கும் ஆப்கள், அந்தப் பதிப்பு உள்ள போனில் திரையின் விளிம்புவரை பரவுகின்றன. மேலே கடிகாரப் பட்டை, கீழே பட்டன் பட்டை, கீபோர்டு ஆகியவை எவ்வளவு இடத்தை மறைக்கின்றன என்பதை போன் 'இன்செட்' என்ற அளவாகச் சொல்லும். அந்த அளவுக்கு ஆப்தான் விலக வேண்டும்.

தவறு பெரும்பாலும் கூட்டலில் நேர்கிறது. பட்டன் பட்டை 48 அலகு, கீபோர்டு இன்செட் 300 அலகு என்று வைத்துக்கொள்வோம். அந்த 300-க்குள்ளேயே 48-ம் அடக்கம். இரண்டையும் கூட்டி 348 விலகினால், கட்டத்துக்கும் கீபோர்டுக்கும் நடுவே வெற்றுப் பட்டை தெரியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பெரிய அளவே கிடைக்கும்:

```
insets.getInsets(Type.systemBars() or Type.ime())
```

சைகை முறையில் கீழ்ப்பட்டை மெல்லியது. பிழை எளிதில் கண்ணில் படாது. ஆப்பை வெளியிடும் முன் மூன்று பட்டன் முறைக்கு மாற்றி, ஒருமுறை டைப் செய்து பாருங்கள்.