தீபாவளிப் பெட்டி ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிறு கம்பெனிகளில் ஒரு துண்டுச் சீட்டில் இந்தக் கணக்கு போடப்படும். அரைக் கிலோ மைசூர்பாகு 320 ரூபாய், காரம் 130, இருநூறு கிராம் முந்திரி 180, எவர்சில்வர் டப்பா 180. கூட்டினால் 810. மொத்தமாக எடுப்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி, ஆக 729. ஆட்கள் 92 பேர். பெருக்கினால் 67,068 ரூபாய். முதலாளியும் சரி என்று சொல்லிவிடுவார். பண்டிகை முடிந்து பில்களை எல்லாம் கூட்டும்போது 86,205 ரூபாய் ஆகியிருக்கும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சீட்டில் எழுதாமல் விட்டவைதான் பின்னால் பில்லாக வந்திருக்கின்றன. அவை எவை என்று பார்க்க, கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஆள் கணக்கு. சம்பளப் பட்டியலில் 92 பேர் இருக்கிறார்கள். ஆனால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இருவர் ஏஜென்சி ஆட்கள். கூட்டிப் பெருக்கும் அக்கா, கேன்டீனில் டீ போடுபவர், இரண்டு அப்ரன்டீஸ் பையன்கள் ஆகியோரின் பெயரும் பட்டியலில் இல்லை. பெட்டி கொடுக்கும் நாளில் இந்த ஆறு பேரும் அங்கேதான் நிற்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் கொடுப்பதைப் போல ஒரு சங்கடம் வேறில்லை. கடைசி நேரத்தில் அவர்களுக்கென்று சில்லறை விலையில் ஓடி ஓடி வாங்குவது பணத்துக்கும் நஷ்டம். ஆகவே 92 அல்ல, 98 என்றே தொடங்க வேண்டும்.

அடுத்து ஸ்வீட், காரம். இரண்டும் சேர்ந்து ஒரு செட் 450 ரூபாய். ஐம்பது செட்டுக்கு மேல் ஐந்து சதவீதம், நூறு எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறது கடை. 98 செட் எடுத்தால் 44,100. ஐந்து சதவீதம் போக 41,895. நூறு செட் எடுத்தால் 45,000. பத்து சதவீதம் போக 40,500. இரண்டு செட் கூடுதலாக எடுத்தும் 1,395 ரூபாய் மிச்சமாகிறது! இந்தப் படிக்கட்டுத் தள்ளுபடியில் 95 செட் தேவைப்படும் இடத்திலிருந்தே நூறாக எடுப்பது லாபம். 94 செட் போதும் என்றால் 94 எடுப்பதே சிக்கனம். எந்தக் கடையின் தள்ளுபடியாக இருந்தாலும், அடுத்த படியின் மொத்தத் தொகையையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். அதிகமாக வரும் இரண்டு செட்டும் வீணில்லை. நெய் கசிந்த பெட்டிக்கும் நசுங்கிய பாக்கெட்டுக்கும் மாற்றாக அவை உதவும்.

இங்கே கடைக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். "நூறு எடுத்தா பத்து பர்சன்ட் சார்" என்று அவர் சொல்வது நூறு செட்டுக்கும் சேர்த்தா, நூறுக்கு மேல் எடுப்பவற்றுக்கு மட்டுமா? இரண்டாவது என்றால் மேலே போட்ட கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். அதேபோல "நூறுக்குப் பத்து இலவசம்" என்பதும் பத்து சதவீதத் தள்ளுபடி ஆகாது. 110 செட்டை நூறின் விலைக்குத் தருகிறார்கள். அது ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதுவும் 110 பேர் இருந்தால்தான் பயன்.

40,500 ரூபாய்க்கு மேல் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. வருகிறது. சேர்த்தால் 42,525. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பல தொழில் முனைவோர் 'வரியைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே' என்று இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரும்புக்கும் தாமிரக் கம்பிக்கும் கட்டிய வரியை எடுக்கலாம். பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரியை எடுக்கக் கூடாது என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு. ஆகவே பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் வரியோடு சேர்ந்த விலைதான் உண்மையான விலை. இனி வரும் விலைகள் எல்லாம் வரி சேர்ந்தவை.

முந்திரியைச் சில்லறைப் பாக்கெட்டாக வாங்காமல் மொத்தக் கடையில் டின்னாக எடுப்பது நல்லது. பத்துக் கிலோ டின் இரண்டு, கிலோ 900 வீதம் 18,000 ரூபாய். கவர் 200 ரூபாய். ஆளுக்கு 200 கிராம் என்றால் 98 பேருக்கு 19 கிலோ 600 கிராம் போதும். மீதி 400 கிராம். அது மிச்சம் போலத் தெரியும், ஆனால் மிஞ்சாது. தராசில் போடுகிறவர் கை தாராளமாக ஒவ்வொரு கவரிலும் நான்கு கிராம் ஏறினால் அந்த 400 கிராமும் போய்விடும். அதற்கு மேலும் ஏறினால் கடைசி ஓரிருவருக்குக் கவர் இருக்கும், முந்திரி இருக்காது. முதல் பத்துக் கவரைப் போட்டதும் அவற்றைச் சேர்த்து ஒரு முறை எடை பார்த்துவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

எவர்சில்வர் டப்பாவில் தள்ளுபடி டஜன் கணக்கில் வருகிறது. தனியாக எடுத்தால் 180, முழு டஜனாக எடுத்தால் ஒன்று 165. எட்டு டஜன் என்றால் 96, ஒன்பது டஜன் என்றால் 108. ஸ்வீட்டில் செய்தது போல இங்கேயும் அடுத்த படிக்குத் தாவினால் 17,820 ரூபாய். எட்டு டஜனோடு இரண்டை மட்டும் தனியாக எடுத்தால் 16,200. இந்த முறை தாவாமல் இருப்பதே லாபம். ஒரே பெட்டிக்குள் போகும் இரண்டு பொருளுக்கு இரண்டு விதமான விடை வருகிறது. அதனால்தான் தள்ளுபடியை மொத்தத்தில் பத்து சதவீதம் என்று கழிக்காமல், பொருளுக்குப் பொருள் தனியாகப் போட வேண்டும் என்கிறேன்.

இவ்வளவும் பெட்டிக்குள் இருப்பவை. சேர்த்தால் 76,925 ரூபாய், ஆளுக்கு 785. துண்டுச் சீட்டு இதற்கு முன்பே நின்றுவிட்டது.

இனி பெட்டி. கம்பெனி பெயர் அச்சடித்த பெட்டி வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அச்சடிப்பதற்குத் தகடு, வெட்டுவதற்கு டை என்று ஒரு தொகையை முதலிலேயே கேட்பார்கள். அது 6,500 ரூபாய் என்று வைத்தால், நூறு பெட்டிக்கு ஒவ்வொன்றின் மேலும் 65 ரூபாய் ஏறும். ஐநூறு பெட்டிக்கு 13 தான். நூறு பேர் உள்ள இடத்துக்கு அது கட்டுப்படியாகாது. ரெடிமேட் அட்டைப்பெட்டி 42, மேலே ஒட்டும் ஸ்டிக்கர் 4. நூறு பெட்டிக்கு 4,600 ரூபாய் போதும். 98 பேருக்கு நூறு பெட்டி எடுப்பது, மடிக்கும்போது இரண்டு கிழியும் என்பதால்.

ரிப்பனை யாரும் அளப்பதில்லை. முப்பது சென்டிமீட்டர் நீளம், 22 அகலம், 10 உயரமுள்ள பெட்டியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சுற்ற 144 சென்டிமீட்டர் வேண்டும். முடிச்சுக்கும் பூவுக்கும் ஓர் அரை மீட்டர் போகும். ஓரத்தைச் சாய்வாக வெட்டுவதையும் சேர்த்தால் பெட்டிக்கு இரண்டு மீட்டர். இருபது மீட்டர் ரோலில் பத்துப் பெட்டி வர வேண்டும், ஆனால் கையால் வெட்டும்போது ஒன்பதுதான் வரும். பதினொரு ரோல், 80 வீதம் 880 ரூபாய். கட்டுவதற்கும் நிரப்புவதற்கும் இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி 1,200. பட்டறை ஆட்களையே உட்காரவைத்தாலும் அந்த ஒரு நாள் உற்பத்தி நிற்கிறது. ஆகவே கூலியை எழுதத்தான் வேண்டும்.

வண்டி வாடகையில் கவனிக்க வேண்டியது எடை அல்ல. பெட்டி ஒன்று ஒன்றரைக் கிலோ என்றால் எல்லாம் சேர்ந்தே நூற்றைம்பது கிலோவுக்குள்தான். ஒரு குட்டியானை தாராளமாகப் போதும். செலவைக் கூட்டுவது நடைதான். டப்பாவும் அட்டைப்பெட்டியும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடலாம். ஸ்வீட் அப்படி வர முடியாது. கொடுப்பதற்கு முந்தின நாள் வந்தால்தான் நன்றாக இருக்கும். பால் ஸ்வீட் என்றால் சொல்லவே வேண்டாம். எனவே குறைந்தது இரண்டு நடை. முதல் நடை 1,400, இரண்டாவது 900, ஏற்றி இறக்க 300. ஆக 2,600 ரூபாய். பண்டிகை வாரத்தில் வண்டி கிடைப்பதே பாடு என்பதால் முன்பே பேசி வைக்க வேண்டும். கடைக்காரரே கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், தள்ளுபடியில் ஒரு சதவீதம் குறைந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் அந்த ஒரு சதவீதம் 472 ரூபாய்தான். ஒரு நடைக்கு அதைவிட அதிகம்.

பெட்டி, ரிப்பன், கூலி, வண்டி நான்கும் சேர்ந்து 9,280 ரூபாய். மொத்தம் 86,205, 98 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 880. சீட்டில் இருந்ததைவிடப் பெட்டிக்கு 151 ரூபாய் அதிகம், ஆட்களும் ஆறு பேர் அதிகம். தள்ளுபடியே இல்லாவிட்டால் 91,425 ஆகியிருக்கும். ஆக, பத்து சதவீதம் என்று பேசிய தள்ளுபடி மொத்தச் செலவில் ஆறு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

880 கைக்கு மீறிப் போகிறது என்றால் எங்கே குறைப்பது? முந்திரியிலோ ஸ்வீட்டிலோ கை வைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சேருவது அதுதான். பெட்டியும் ஸ்டிக்கரும் ரிப்பனும் ஆளுக்கு 56 ரூபாய் தின்கின்றன, மறுநாள் காலை குப்பைக்குப் போகின்றன. அதற்குப் பதில் கம்பெனி பெயர் போட்ட மஞ்சப்பை, 35 ரூபாய் வீதம் நூறு பை எடுத்தால் 3,500 ரூபாய். கட்டும் வேலை இல்லாததால் கூலியும் பாதியாகும். ஆளுக்கு 26 ரூபாய் மிச்சமாகி 854-க்கு வந்துவிடும். டவுன் பஸ்ஸிலும் பைக்கிலும் வீடு திரும்புகிறவர்களுக்கு ரிப்பன் கட்டிய பெட்டியைவிடத் தோளில் மாட்டும் பைதான் வசதி. டப்பாவை அடியிலும் ஸ்வீட்டை மேலேயும் வைத்தால் நசுங்காது.

இந்த வருஷம் கடைகளில் கொட்டேஷன் கேட்கும்போது, தள்ளுபடி முழு எண்ணிக்கைக்கா, விலை வரி சேர்த்தா, கொண்டுவந்து தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் செக்யூரிட்டியையும் கூட்டிப் பெருக்கும் அக்காவையும் சேர்த்து ஆட்களை எண்ணிவிடுங்கள்.