ஆயிரத்துக்கு நாற்பது ரூபாய் கட்டுமா?

வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர்களிடம் கான்ட்ராக்டர் ஆயிரம் பத்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசுவார். நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரம் உருட்ட எட்டு மணி நேரம்; கையில் 160 ரூபாய், மணிக்கு இருபது. பெரும்பாலோர் போடும் கணக்கு இதோடு முடிந்துவிடும். அதில் பல வேலைகள் விட்டுப்போகின்றன.

கரித்தூளும் ஜிகட் பொடியும் கலந்து வரும் மசாலாவைத் தண்ணீர் விட்டுப் பிசைய அரை மணி. உருட்டியதைக் காயவைத்து, திருப்பிப்போட்டு அள்ள அரை மணி. எண்ணிக் கட்டு கட்ட ஒரு மணி. மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காத்திருந்து வர ஒரு மணி. ஆகப் பதினொரு மணி நேரம். கட்டு கட்டியது மகளாக இருந்தாலும் அந்த ஒரு மணியைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். கான்ட்ராக்டர் இருநூறு பத்தியைக் கழிவு என்று ஒதுக்கினால் மிச்சம் 3,800. அதற்கு 152 ரூபாய். ஆட்டோவுக்கு இருபது போனால் 132. பதினொன்றால் வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டு ரூபாய்தான்.

இதையே திருப்பிப் போட்டால் கேட்க வேண்டிய ரேட் கிடைக்கும். எட்டு மணி நேர நாட்கூலி 400 என்று எடுத்துக்கொண்டால் மணிக்கு ஐம்பது. பதினொரு மணிக்கு 550, ஆட்டோ இருபது, மொத்தம் 570. அதை 3,800 பத்திக்குப் பங்கிட்டால் ஆயிரத்துக்கு 150 ரூபாய். உங்கள் ஊரில் உள்ள குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, 400 இருக்கும் இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். பீஸ் ரேட் தனியாக நிர்ணயிக்கப்படாத வேலையில், நேரக் கூலியின் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

கழிவு விஷயத்தில்தான் எனக்கு ஆத்திரம் வரும். ஜிகட் குறைவாகக் கலந்த மசாலா காய்ந்ததும் வெடித்துக் குச்சியிலிருந்து உதிரும். அது கலந்தவர் தவறு. காசு பிடிப்பதோ உருட்டியவரிடம். அதனால் மசாலா மூட்டை வந்ததும் ஒரு பிடி பிசைந்து, பத்துப் பத்தி உருட்டிக் காயவைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் அப்போதே சொல்லித் திருப்பிவிடுங்கள். கழித்ததைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கொடுத்த மசாலா எடை, திருப்பிய எண்ணிக்கை, கழிவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி கான்ட்ராக்டரின் கையெழுத்தை வாங்குங்கள். நாளை வழக்கென்று வந்தால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

கான்ட்ராக்டர் ரேட்டை ஏற்ற மறுத்தால், மசாலா மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, முடிந்ததை எடுத்துப்போகச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மணியும் ஆட்டோ காசும் மிஞ்சும். அப்படி மிஞ்சினாலும் இந்தக் கணக்கில் மணிக்குப் பதினைந்து ரூபாயைத்தான் தொடும். நாற்பது ரூபாய் நியாயமான ரேட் இல்லை. தெருவில் உருட்டுகிற எல்லோரும் சேர்ந்து இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.