விற்ற பொருள் தீயில் எரிந்தால் இழப்பு யாருக்கு?

கடையில் தயார் நிலையிலுள்ள ஒரு மர அலமாரியைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனையின்றி விலைபேசி முடித்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை அப்போதே அது வாங்குபவருக்குச் சொந்தமாகிவிடும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 20-ஆவது பிரிவு இவ்வாறு கூறுகிறது. பணம் தராவிட்டாலும், பொருள் கடையிலேயே இருந்தாலும் இதுவே நிலை. அன்றிரவு யார் தவறுமின்றி கடை தீப்பற்றினால், இழப்பு வாங்கியவருக்கே. விலையையும் அவர் செலுத்தியாக வேண்டும். பலரும் எதிர்பார்க்காத விதி இது.

ஆனால், திங்கள்கிழமை அனுப்புவதாக ஒப்புக்கொண்ட விற்பனையாளர் தன் தவறால் தாமதித்து, செவ்வாய்க்கிழமை தீப்பற்றினால் உரிமையும் இடர்ப்பொறுப்பும் பிரிந்துவிடும். அலமாரி வாங்கியவருடையது, தாமதிக்காமலிருந்தால் நேர்ந்திராத அந்த இழப்போ, 26-ஆவது பிரிவின்படி விற்பனையாளருடையது. வீடு வந்து சேரும்வரை பொறுப்பு விற்பனையாளருக்கே என இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், அதுவே செல்லுபடியாகும்.