பாதி வந்த சொல்லைப் படிப்பது எப்படி?

டிசிபி இணைப்பில் செய்திகளுக்கு எல்லை கிடையாது. பைட்டுகள் வரிசை மாறாமல் வரும், அவ்வளவுதான். அதனால் அனுப்பும் நிரல் முதலில் நான்கு பைட்டுகளில் நீளத்தை எழுதி, பிறகு யுடிஎஃப்-8 சரத்தை அனுப்புகிறது. ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ஆகவே நீளம் 15. கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்தை எண்ணி 3 என்று எழுதினால், பெறும் நிரல் ‘அ’வோடு நின்றுவிடும், மிச்சத்தை அடுத்த சரத்தின் நீளமாக எடுத்துக்கொள்ளும்.

`recv(15)` என்று கேட்டாலும் 7 பைட்டு மட்டும் கிடைக்கலாம். அதை உடனே எழுத்தாக மாற்றினால் ‘அம’ வரும். புள்ளியின் முதல் பைட்டு மட்டும் தனித்து நின்று, � என்ற குறியாகவோ பிழையாகவோ வெளிப்படும். சோதனையில் இது பெரும்பாலும் தலைகாட்டாது, ஏனெனில் ஒரே கணினிக்குள் சிறு செய்திகள் பொதுவாக முழுதாகவே வந்துவிடும்.

சரியான வழி, வந்ததைச் சேர்த்து வைத்து, மீதி 8 பைட்டுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்பது. 15-உம் சேர்ந்த பிறகே மாற்றுவது. நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகளும் துண்டாக வரலாம் என்பதால், அவற்றுக்கும் இதே காத்திருப்பு வேண்டும். நடுவில் `recv` வெற்றுப் பைட்டுகளைத் தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது.