பாக்கி கேட்கும் மெயிலை சாட்பாட்டிடம் எழுதி வாங்குவது எப்படி?

"பாக்கிப் பணம் கேட்டு ஒரு மெயில் எழுதிக் கொடு." அலுவலகத்தில் சாட்ஜிபிடி போன்ற சாட்பாட்டைத் திறப்பவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சில நொடிகளில் மெயில் வந்துவிடும். நான்கைந்து பணிவான வாக்கியங்கள் இருக்கும். பெயரும் தொகையும் வரவேண்டிய இடத்தில் வெற்று அடைப்புக்குறிகள் இருக்கும். எந்த ஊர், எந்தத் தொழில் என்றாலும் அனுப்பலாம்; படிப்பவரும் அப்படி நினைத்தே ஒதுக்கிவிடுவார்.

இப்படியொரு கோரிக்கைக்கு வழக்கமாக என்ன எழுதப்படுமோ, அதை ஒட்டியே சாட்பாட் எழுதுகிறது. நம் பார்ட்டி யார், அவரோடு நமக்கு எத்தனை வருடப் பழக்கம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியாததை அது பெரும்பாலும் நம்மிடம் திருப்பிக் கேட்பதில்லை. பொதுவான எதையாவது போட்டு நிரப்பிவிடும். அதனால் நான்கு விஷயங்களை முதல் கோரிக்கையிலேயே சொல்லிவிடுவது நல்லது: யாராக இருந்து எழுத வேண்டும், யார் படிக்கப்போகிறார், படித்தபின் என்ன நடக்க வேண்டும், எந்த வடிவில் வேண்டும்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5-ம் தேதி பில், தொகை ரூ.1,84,500, முப்பது நாள் கிரெடிட். ஆகஸ்ட் 14 ஆகியும் பணம் வரவில்லை. கெடு தாண்டி 40 நாள். பார்ட்டி எட்டு வருடமாக வாங்குபவர், இழக்க முடியாது. கணக்குப் பார்ப்பவர் இப்படிக் கேட்கலாம்:

"நீ ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருப்பவர். எட்டு வருட வாடிக்கையாளரின் கணக்கு அதிகாரிக்கு மெயில் எழுது. அவர் இதைத் தன் முதலாளிக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வார். பணம் எந்தத் தேதியில் வரும் என்று இந்த வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். பில் எண் 212, தேதி ஜூன் 5, தொகை ரூ.1,84,500, கெடு ஜூலை 5. வட்டி, சட்டம் பற்றிப் பேசாதே. நான் தராத எந்த விவரத்தையும் சேர்க்காதே. எளிய ஆங்கிலத்தில், சுமார் 100 வார்த்தை, சப்ஜெக்ட் வரியில் பில் எண்ணும் தொகையும் வரட்டும்."

இதில் முதல் வரியான பாத்திரத்துக்குத்தான் பலர் அதிக மதிப்புத் தருகிறார்கள். என் கணக்கில் நான்கில் பலம் குறைந்தது அதுதான். அது பேச்சின் தொனியை மாற்றும், அறிவைக் கூட்டாது. 'நீ முப்பது வருட அனுபவமுள்ள வக்கீல்' என்று எழுதினாலும் சட்ட விவரத்தில் தவறு வரலாம்.

படிப்பவர் யார் என்பதுதான் மெயிலின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. முதலாளிக்கு ஃபார்வர்டு ஆகும் என்று சொன்னதும், பழைய போன் பேச்சுகளை அறியாதவருக்கும் புரியும்படி பில் விவரம் மேலே வந்துவிடும். 'வாடிக்கையாளருக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

நோக்கத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். 'பணம் வர வேண்டும்' என்பது நம் ஆசை. அந்தக் கணக்கு அதிகாரி தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியது, ஒரு தேதியைக் கேட்டுச் சொல்வது. அவர் செய்யக்கூடிய அந்த ஒரு காரியத்தைக் கேட்டால் மெயில் அதை நோக்கியே போகும். இல்லையென்றால் கெஞ்சும், அல்லது மிரட்டும். மிரட்ட வழியும் உண்டு: 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு வைத்துக்கொள்ள முடியாது, தாமதித்தால் வட்டியும் உண்டு. அதை இந்த மெயிலில் எடுப்பதா, அடுத்ததற்கு வைத்துக்கொள்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாம். சொல்லாமல் விட்டால் சாட்பாட் தன் போக்கில் முடிவெடுக்கும்.

வடிவத்தில் வார்த்தைக் கணக்கு துல்லியமாக வராது. நூறு கேட்டால் நூற்றிருபது வரலாம். நீளம் கூடினால் 'இரண்டாம் பத்தியை எடுத்துவிடு' என்று அடுத்த வரியில் சொன்னால் போதும், முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

'தராத விவரத்தைச் சேர்க்காதே' என்ற பிறகும் 'சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபடி' என்பது போன்ற நடக்காத சங்கதி நுழையலாம். படிக்க இயல்பாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே அனுப்புமுன் ஒவ்வொரு வரியிலும் 'இதை நான் கொடுத்தேனா?' என்று பாருங்கள். தொகையையும் தேதிகளையும் பில்லை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பார்ட்டியின் பெயர், ஜிஎஸ்டி எண், நம் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை சாட்பாட்டில் தட்ட வேண்டாம். மெயிலில் ஒட்டிய பிறகு கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.