வேலை தருபவர் பணம் கேட்பதேன்?

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

எங்கள் ஊராகிய ஜலகண்டாபுரத்தில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தோடுதான். தறி ஓட்டுபவர், பாவு பிணைப்பவர், தார் சுற்றுபவர் என்று பல வீடுகளிலும் யாராவது ஒருவர் நெசவுக் கூலியை நம்பியிருப்பார். தறிக்கு ஆள் வேண்டுமானால் உரிமையாளர் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது இப்பகுதியில் உள்ள வழக்கம். அம்முன்பணமே கடனாக வளர்ந்து ஆளைக் கட்டிப்போடும் கொடுமையும் உண்டு; அது தனியே எழுத வேண்டிய கதை. ஆயினும் ஓர் உண்மை அதிலே தெளிவாகத் தெரிகிறது. வேலை என்று ஒன்று இருக்கும் இடத்தில், பணம் வேலை தருபவரிடமிருந்து வேலை செய்பவரிடம் வருகிறது.

சென்ற ஆண்டு என் அக்காவுக்குக் கிடைத்த ஒரு வேலையில் இது தலைகீழாக இருந்தது. வணிகவியல் மாணவனாகிய நான் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அந்தத் தவற்றை நம் கல்லூரி நண்பர்களும் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வந்த வேலை

அக்கா தட்டச்சில் ஆங்கிலம் ஹையர் தேறியவர். நிமிடத்திற்கு 45 சொற்கள் என்ற அந்தத் தேர்வுக்காக இரண்டு ஆண்டுகள் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்தவர். கைக்குழந்தையை விட்டு வெளியூர் வேலைக்குப் போக முடியாத நிலையில், “வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை” என்ற விளம்பரம் அவர் கைப்பேசியில் வந்தது. 500 படிவங்களை 5 நாளில் முடிக்க வேண்டும். படிவத்திற்கு 20 ரூபாய். ஆக 10,000 ரூபாய். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டாக 1,500 ரூபாய் மட்டும் முன்னதாகக் கட்ட வேண்டும். தார் சுற்றிச் சேர்த்த பணத்திலிருந்து அக்கா அதைக் கட்டினார்.

இத்தகைய தளங்களில் பல, பணம் வந்தவுடன் மறைந்துவிடும். இது அப்படி மறையவில்லை. ஆதார் நகலையும் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, ஓர் ஒப்பந்தத்தையும் பயனர் பெயரையும் அனுப்பியது. உண்மையாகவே படிவங்கள் வந்தன. அக்கா ஐந்து நாளும் இரவு கண்விழித்துத் தட்டச்சு செய்தார். ஆறாம் நாள் முடிவு வந்தது: “துல்லியம் 95.8 சதவீதம். ஒப்பந்தப்படி 98 வேண்டும். நீங்கள் தேறவில்லை.” கூலி இல்லை, டெபாசிட்டும் இல்லை.

“கண்ணு வலிக்க வலிக்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை சரி பார்த்தேன் தம்பி. எப்படிடா தோத்துப் போவேன்?” என்று அக்கா கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடி உட்கார்ந்தபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது.

98 சதவீதத்தின் சூழ்ச்சி

98 சதவீதம் என்றால் நூற்றுக்கு இரண்டு பிழை அனுமதி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே வேறொரு வரி இருந்தது. ஒரு படிவத்தில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தப் படிவம் முழுவதும் தவறாகும் என்பதே அது.

ஒவ்வொரு படிவத்திலும் பெயர், முகவரி, தொலைபேசி எண், கடன் எண் என்று 40 கட்டங்கள். 500 படிவங்களுக்கு 20,000 கட்டங்கள். ஒருவர் ஆயிரம் கட்டத்துக்கு ஒரே ஒரு பிழை மட்டும் செய்கிறார் என்று கொள்வோம். தட்டச்சில் அது மிகச் சிறந்த துல்லியம். அவர் 20,000 கட்டங்களில் 20 பிழை செய்வார். அந்த இருபதும் அநேகமாக இருபது வெவ்வேறு படிவங்களில் விழும். எனவே தவறான படிவங்கள் 20; சரியானவை 480. அது 96 சதவீதம்தான். 98 எடுக்க வேண்டுமானால், இரண்டாயிரம் கட்டத்துக்கு ஒரு பிழைக்கு மேல் செய்யக்கூடாது. அக்காவின் கை தோற்கவில்லை. எவர் கையும் தோற்கும்படி அளவு வைக்கப்பட்டிருந்தது.

அதற்கும் மேலே, படங்கள் வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டிருந்தன. பூஜ்யமா, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தா என்று தெரியாது. புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளியா, இரண்டா என்று தெரியாது. தவறான படிவங்கள் எவை என்று கேட்டால் காட்டவும் மாட்டார்கள். அவர்கள் திருத்தினார்கள் என்பதற்கே சான்றில்லை.

நேரத்தையும் பாருங்கள். மங்கலான படத்தைப் படித்து ஒரு படிவம் முடிக்க ஐந்து நிமிடம் என்றாலும், 500 படிவங்களுக்கு ஏறத்தாழ 42 மணி நேரம். நாளுக்கு எட்டு மணிக்கு மேல். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது இரவு வேலையாகும். தூக்கக் கலக்கத்தில் பிழை கூடும்.

பொய்வேலை என்று அறிவது எப்படி?

அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவை கையால் எழுதிய படிவங்கள் அல்ல; கணிப்பொறியில் ஏற்கெனவே அச்சடித்த எழுத்துகள். அவற்றின் மேல் புள்ளிகளைத் தூவி மங்கலாக்கியிருந்தார்கள். அதாவது, தட்டச்சு செய்து முடித்ததையே கெடுத்து, மீண்டும் தட்டச்சு செய்யச் சொன்னார்கள்! தெளிவான அச்செழுத்தைப் படித்துத் தர மென்பொருள் இருக்கும் காலத்தில், இந்த வேலைக்குக் கூலி கொடுத்து வாங்குபவர் யார்? எவரும் இல்லை. நெய்த துணியை வாங்க ஆளில்லாத இடத்தில் தறி மட்டும் ஓடுவதுபோல இது.

உண்மையான தரவு உள்ளீட்டு நிறுவனங்கள் பிழையை வேறு விதமாகக் கையாளுகின்றன. ஒரே தாளை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்வார்கள். இரண்டையும் கணிப்பொறி ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவரிடம் காட்டும். பிழை செய்வது மனித இயல்பு என்று ஏற்றுக்கொண்டு அமைத்த முறை அது. மேலும் பிறருடைய கடன் விவரத்தையும் மருத்துவ விவரத்தையும் முகம் தெரியாத ஒருவர் வீட்டுக் கைப்பேசிக்கு அனுப்ப எந்தப் பொறுப்புள்ள நிறுவனமும் துணியாது.

அப்படியானால் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து? டெபாசிட்டிலிருந்துதான். மாதம் 200 பேர் 1,500 ரூபாய் கட்டினால் 3 லட்சம் ரூபாய். பதிவுக் கட்டணம், மென்பொருள் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று பெயர் மாறலாம், சங்கதி ஒன்றே. தொகை சிறிதாக இருப்பதும் தற்செயல் அன்று. கட்டுவதற்குத் தயங்காத அளவு, இழந்தபின் காவல் நிலையம் ஏறத் தயங்கும் அளவு என்று பார்த்தே அதை வைக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. 2023 டிசம்பரில் மத்திய அரசு, பகுதிநேர வேலை மோசடியிலும் முதலீட்டு மோசடியிலும் ஈடுபட்ட 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. ஓய்வு பெற்றோர், பெண்கள், வேலையற்ற இளைஞர் ஆகியோரைக் குறிவைத்து, வெளிநாட்டிலிருந்து பல மொழிகளில் விளம்பரம் செய்தார்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. தளத்தை முடக்கினாலும் மறுநாள் வேறு பெயரில் தளம் முளைக்கிறது. ஆகவே தளத்தின் பெயரை நினைவில் வைப்பதைவிட, அதன் முறையை அறிந்திருப்பதே பயன் தரும்.

பயமுறுத்தும் கடிதம்

அக்காவின் துன்பம் 1,500 ரூபாயோடு முடியவில்லை. ஒரு வாரத்தில் வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். “மேடம், ஒப்பந்தத்தை மீறியிருக்கிறீர்கள். 6,500 ரூபாய் கட்டாவிட்டால் நாளை காவலர் வீட்டுக்கு வருவார்” என்றார். முத்திரையும் கையெழுத்துமாக நீதிமன்றக் கடிதம் போன்ற ஒரு படமும் வாட்ஸ்அப்பில் வந்தது. மாமாவுக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்று பயந்து, அக்கா காதுத் தோட்டை அடகு வைக்கத் துணிந்தார். அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

நாங்கள் வகுப்பில் படித்த 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அன்று எனக்குக் கை கொடுத்தது. ஒப்பந்த மீறல் என்பது உரிமையியல் வழக்கு. அதற்காகக் காவலர் வந்து கைது செய்வதில்லை. வழக்கே தொடுத்தாலும், 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். எழுதிவைத்த தொகை முழுவதும் தானாகவே கிடைத்துவிடாது. அதற்கும் மேலாக, ஏமாற்றிப் பெற்ற ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விலக்கிவிடலாம் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது.

வழக்கறிஞர் நோட்டீஸ் நீதிமன்ற ஆணை ஆகாது. உண்மையான வழக்கானால் அதற்கு 16 எழுத்தும் எண்ணுமான சி.என்.ஆர். எண் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அந்த எண்ணைக் கேளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கேட்டார். அந்த வழக்கறிஞர் முதலில் சத்தம் போட்டார்; பிறகு வைத்துவிட்டார். மேலும் நான்கு நாள் வெவ்வேறு எண்களிலிருந்து அழைத்தார்கள். பிறகு நின்றுவிட்டது. தோடு அக்கா காதிலேயே இருக்கிறது.

பணம் போனால் செய்ய வேண்டியது

1,500 ரூபாய் மட்டும் திரும்பவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தாமதம். பணம் அனுப்பியவுடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தால், அது அடுத்த கணக்குக்கு மாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். மணிக்கணக்கில் குறையும் வாய்ப்பு அது; நாங்களோ பத்து நாள் கழித்துப் போனோம். இருந்தும் cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்தோம். பணம் அனுப்பிய யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய எண்கள், ஒப்பந்தத்தின் நகல், மிரட்டல் கடிதத்தின் படம் ஆகியவற்றைக் கொடுத்தோம். அவமானத்தால் அக்கா பல செய்திகளை அழித்திருந்தார். அழிக்காமல் வைத்திருந்தால் புகார் இன்னும் வலுவாக இருந்திருக்கும். கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அக்கா இப்போது தாரமங்கலத்தில் ஓர் ஆவண எழுத்தர் அலுவலகத்திற்கு வாரத்தில் மூன்று நாள் தட்டச்சு வேலைக்குச் செல்கிறார். குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார். சேர்ந்த அன்று, “டெபாசிட் எதுவும் கட்டணுங்களா?” என்று அக்கா கேட்டாராம். எழுத்தர் சிரித்துவிட்டு, “வேலை செய்யிறது நீங்கம்மா. பணம் நான்ல்ல தரணும்” என்றாராம்.

இந்தக் கட்டுரையில் நான் இத்தனை கணக்குப் போட்டுச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.